ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர்: செட்டின் தரைப்படம் வரைந்த கதை

குறும்படத்தின் நடுக் காட்சிக்கு நான் முதலில் வரைந்த தரைப்படம் இப்போதும் நோட்டில் இருக்கிறது. ஒரு செவ்வகம், உள்ளே மேசை என்று ஒரு கட்டம், அக்கா என்று ஒரு வட்டம், தம்பி என்று ஒரு வட்டம். சுற்றிலும், ஒரே கேமரா மாறி மாறி நிற்கப்போகும் இடங்களுக்கு, கேமரா 1, 2, 3 என்று மூன்று அம்புக்குறிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒளிப்பதிவு செய்ய வந்த அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூன்றாவது கேமராவின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, இதுல நான் எங்க நிக்கிறது?"

அம்புக்குறி செவ்வகத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது கேமரா சுவருக்குள் புதைந்திருந்தது. அவருக்கு இடமில்லை, டிரைபாடுக்கும் இடமில்லை. "எந்த லென்ஸ்?" என்று அடுத்து கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சரி, அளவோடு வரையலாம் என்று அன்று மாலை உட்கார்ந்தேன். அதிலிருந்து படப்பிடிப்பு நாள் வரை நடந்ததுதான் இந்தப் பதிவு.

காட்சி சின்னது. அக்கா மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பி கதவைத் திறந்து வந்து வாசலில் நிற்கிறான், மேசை அருகே வருகிறான், பேச்சு முற்றுகிறது. மேசையைக் கடந்து எதிர்ப்பக்கம் உள்ள பீரோவுக்குப் போய் ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அவ்வளவுதான். ஆனால் கதவு ஒரு கோடியில், பீரோ மறு கோடியில், அக்கா நடுவில். இந்த அமைப்பில் என்னென்ன வம்பு ஒளிந்திருக்கிறது என்பது பேப்பரில் அளவு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அறையை ஒரு காலி ஹாலுக்குள் செட்டாகப் போடுவதாக ஏற்பாடு. சுவராக நிறுத்த ஒட்டுப்பலகை அடித்த ஃபிளாட்கள், ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 8 அடி உயரம். பின்சுவருக்கு நான்கு, பக்கச் சுவர்களுக்கு மும்மூன்று. ஆக அறை 16 அடிக்கு 12 அடி, முன்பக்கம் திறந்தபடி. ஹாலை டேப் வைத்து அளந்தேன்: 26 அடிக்கு 20 அடி.

எந்த அளவுவிகிதத்தில் வரைவது என்பதில் கொஞ்சம் குழம்பினேன். கட்டடக்காரர்கள் 1:50, 1:25 என்று வரைவார்கள். ஆனால் செட் போடும் தச்சர் அடியில் பேசுகிறார், என் கையில் இருப்பது மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாள். கடைசியில் ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாத விகிதம்தான். ஆனால் ஹால் 26 செ.மீ.க்கு 20 செ.மீ. என்று ஒரு ஏ4 தாளில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மனக்கணக்கும் வேண்டாம், ஸ்கேலில் ஏழரை என்றால் தரையில் ஏழரை அடி.

முதலில் வரைய வேண்டியது அறையை அல்ல, ஹாலை. இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கேமரா நிற்கப்போவது பெரும்பாலும் அறைக்கு வெளியே. அந்த வெளி எவ்வளவு என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பின்சுவர் ஃபிளாட்டுகளை நிமிர்த்தி நிறுத்தப் பின்னால் முட்டுக்கட்டை கொடுக்க 3 அடி வேண்டும் என்றார் தச்சர். 3, அறையின் ஆழம் 12, சேர்த்தால் 15. ஹாலின் ஆழம் 20. ஆக முன்பக்கம் எனக்கு மிஞ்சியது 5 அடி மட்டும். இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி.

இந்த ஐந்து அடியும் முழுசாகக் கிடைக்காது. நடிகரின் கண் மட்டத்துக்கு ஏற்றி வைத்த டிரைபாட் கால்களை விரித்தால் ஏறக்குறைய 3 அடி வட்டம் பிடிக்கும். அதன் பின்னால் ஆள் நின்று மானிட்டரைப் பார்க்க இன்னும் ஒன்றரை அடியாவது வேண்டும். அதனால் கேமராவை இனிமேல் அம்புக்குறியாக வரைவதில்லை என்று முடிவு செய்தேன். அட்டையில் 3 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி, பின்னால் ஆளுக்கு ஒரு வால் விட்டு, லென்ஸ் இருக்கும் இடத்தில் ஊசித் துளை போட்டுக்கொண்டேன். இந்த அட்டை எங்கே நுழையவில்லையோ அங்கே கேமராவும் நுழையாது.

அடுத்தது லென்ஸ். ஒவ்வொரு லென்ஸும் எவ்வளவு அகலம் பார்க்கும் என்பதை ஒரு முக்கோணமாக வெட்டி வைத்துக்கொண்டால், தாளின் மேல் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். எங்கள் கேமரா ஏபிஎஸ்-சி சென்சார் கொண்டது, சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. கணக்கு எளிது: தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கி, லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் ஃபிரேமின் அகலம் வரும். 35 மி.மீ. லென்ஸில் 10 அடி தூரத்தில் 6.7 அடி. 24-ல் 9.8 அடி. 50-ல் 4.7 அடி. ஓஹெச்பி ஷீட்டில் மூன்று முக்கோணங்களை வரைந்து வெட்டி, பெருமையாக அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எந்த மோடுல எடுக்கப் போறோம், 4கே-லதானே? அதுல இந்தக் கேமரா கொஞ்சம் வெட்டும், அளந்து பாரு" என்றார்.

அளக்கும் விதம் இதுதான். சுவரில் டேப்பைப் படுக்கைவாட்டில் இழுத்து ஒட்டினேன். அதற்கு நேர் எதிரே, லென்ஸின் முகத்திலிருந்து சரியாக 10 அடியில், கேமராவை நிறுத்தினேன். படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் அதே மோடில் வைத்து, ஃபிரேமின் இடது விளிம்பிலும் வலது விளிம்பிலும் டேப்பில் என்ன எண் தெரிகிறது என்று படித்தேன். 35-ல் ஆறே முக்கால் அடி வர வேண்டியது, ஐந்தரை அடிதான் வந்தது. 24-ல் 8 அடி. 50-ல் 3.8 அடி. அந்த மோடில் கேமரா சென்சாரின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அகலம் காணாமல் போயிருந்தது. சூத்திரம் தப்பில்லை, நான் போட்ட சென்சார் அகலம்தான் தப்பு. இப்போதெல்லாம் சூத்திரம் போடுவதே இல்லை. டேப்பில் படித்த எண்ணை அப்படியே முக்கோணமாக்கிவிடுவேன்: உயரம் 20 செ.மீ., அடிப்பக்கம் 24-க்கு 16, 35-க்கு 11, 50-க்கு 7.6 செ.மீ. கூர்முனையில் ஒரு துளை, அதில் குண்டூசி. குண்டூசியைக் கேமரா அட்டையின் துளையில் குத்தினால் முக்கோணம் லென்ஸைச் சுற்றித் திரும்பும்.

புது முக்கோணத்தை முதலில் வைத்துப் பார்த்தது, காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட்டுக்கு. நான் நினைத்திருந்தது அறைக்கு நேர் எதிரே, நடுவில் நின்று, 24-ல் மொத்த அறையும். அட்டையை முன்பக்க ஐந்தடியில் வைத்தேன். லென்ஸ் அறையின் விளிம்புக்கு ஒன்றரை அடி வெளியே வந்து நின்றது. கதவின் நடுப்பகுதி அறைக்குள் நாலரை அடி ஆழத்தில் இருக்கிறது, ஆக லென்ஸிலிருந்து அந்த ஆழத்துக்கு 6 அடி. அங்கே முக்கோணத்தின் அகலம் நாலே முக்கால் செ.மீ. பதினாறு அடி அறையில் நாலே முக்கால் அடி! கதவும் இல்லை, பீரோவும் இல்லை. மேசையும் அதற்குப் பின்னால் கொஞ்சம் சுவரும் மட்டும். நோட்டில் வரைந்த அம்புக்குறி இதைச் சொல்லவே இல்லை. அம்புக்குறிக்கு அகலம் கிடையாதே.

முக்கோணத்தைத் தாளின் மேல் இழுத்துக்கொண்டே போனேன். வலது முன் மூலைக்குக் கொண்டுபோய், அறையைக் குறுக்காக, இடது பின் மூலையை நோக்கித் திருப்பியபோது எல்லாம் மாறியது. அதே லென்ஸ், சுவரிலிருந்து அதே ஒன்றரை அடி. ஆனால் இப்போது கதவில் நிற்கும் தம்பிக்கு லென்ஸிலிருந்து கிட்டத்தட்ட 15 அடி தூரம் கிடைக்கிறது. கதவும் மேசையில் இருக்கும் அக்காவும் முக்கோணத்தின் இரண்டு விளிம்பையும் உரசிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். தம்பி பீரோவுக்குப் போகும்போது கேமராவைக் கொஞ்சம் வலது பக்கம் பேன் செய்தால் போதும். சின்ன அறையில் குறுக்குவாட்டுதான் மிக நீளமான கோடு என்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். அது எவ்வளவு என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆட்களையும் வட்டமாக வரைவதை விட்டுவிட்டேன். தோள் அகலம் ஒன்றே முக்கால் அடி, நெஞ்சின் கனம் ஒரு அடி என்று வைத்து, முட்டை வடிவத்தில் காகிதத் துண்டுகள் வெட்டினேன். மூக்குப் பக்கம் ஒரு சின்னக் கூர் விட்டால் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும். தம்பிக்கு மூன்று இடங்கள்: த1 வாசல், த2 மேசையின் முன் ஓரம், த3 பீரோ முன்னால். த3-ல் துண்டை வைத்துவிட்டு, மூலைக் கேமராவின் லென்ஸ் துளையிலிருந்து தம்பியின் தோள் ஓரத்தை உரசும்படி ஒரு ஸ்கேலை வைத்தேன். ஸ்கேல் நேராகப் போய் அக்காவின் தோளையும் உரசியது. அதாவது தம்பி பீரோவுக்குப் போய் நின்றதும், அக்கா அவன் முதுகுக்குப் பின்னால் பாதி மறைவதும் மறையாததுமாக இருப்பாள். நடிகர் ஒரு அங்குலம் தள்ளி நின்றாலும் மறைத்துவிடுவார்.

தம்பியை வலப்பக்கம் தள்ளலாம் என்றால் பீரோவுக்கு மிக நெருங்கிவிடுகிறான், கதவைத் திறக்க முடியாது. அக்காவின் நாற்காலியை அரை அடி இடப்பக்கம் நகர்த்தினேன். தாளில் அரை சென்டிமீட்டர். இப்போது இருவருக்கும் நடுவில் தெளிவாக வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி வந்தது. செட்டில் இதைக் கண்டுபிடித்திருந்தால் நாற்காலி, மேசை, மேசை மேல் இருக்கும் சாமான்கள், லைட் எல்லாவற்றையும் நகர்த்தியிருக்க வேண்டும்.

அதே ஸ்கேல் கதவுக்கும் உதவியது. கதவு உள்பக்கம் திறக்கிறது. கீல் முன்பக்க நிலையில் இருந்தால், பாதி திறந்த பலகை மூலைக் கேமராவுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து அவனுடைய நுழைவையே மறைக்கும். கீல் பின்பக்க நிலையில் இருந்தால் பலகை அவனுக்குப் பின்னால் ஒதுங்கும். தச்சரிடம் போனில் ஒரு வரி சொன்னேன், வேலை முடிந்தது.

இனி ஆக்ஸிஸ், அதாவது பேசும் இருவரையும் இணைக்கும் கோடு. எல்லாப் பொசிஷன்களையும் ஒரே தாளில் வரைந்தால் எல்லாம் சரியாக இருப்பது போல்தான் தோன்றும். காட்சியைத் தம்பி நிற்கும் இடத்தின்படி மூன்றாகப் பிரித்து, டிரேசிங் தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரைப்படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் தம்பியையும் அக்காவையும் இணைத்து ஒரு சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் தாளின் ஓரம் வரை நீட்டியது. கேமராக்கள் கோட்டின் ஒரே பக்கம் இருந்தால்தான் ஷாட்டுக்கு ஷாட் லுக், அதாவது பார்க்கும் திசை, பொருந்தும், இவன் வலப்பக்கம் பார்க்க அவள் இடப்பக்கம் பார்ப்பாள்.

மூன்று கேமரா இடங்களையும் மூன்று தாளிலும் குறித்தேன். மூலைக் கேமரா கோட்டின் எந்தப் பக்கமோ, அதுதான் மூன்று தாளிலும் சரியான பக்கம். இரண்டாவது கேமரா அக்காவின் க்ளோஸுக்கு, மேசைக்கு முன்னால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி. அதுவும் அதே பக்கம். மூன்றாவது கேமரா, பீரோ முன்னால் நிற்கும் தம்பியைப் பிடிப்பதற்கு, அறையின் இடது முன்பகுதியில். த1-ல் சரி. த3-லும் சரி. த2-ல் மட்டும் அது கோட்டின் மறுபக்கம் விழுந்தது. தம்பி மேசை ஓரத்தில் நிற்கும்போது கோடு ஏறக்குறைய செங்குத்தாகத் தாளின் முன் விளிம்பை நோக்கி இறங்குகிறது, மூன்றாம் கேமரா அதன் இடப்பக்கம் மாட்டிக்கொள்கிறது. மேசையில் நடக்கும் வாக்குவாதத்துக்கும் அங்கிருந்தே தம்பியின் தோளுக்கு மேலாக ஒரு சஜஷன் எடுத்துக்கொள்ளலாம் என்று ஷாட் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. த2-லிருந்து த3-க்குப் போகும்போது கோடு அக்காவைச் சுற்றி இடமிருந்து வலமாகச் சுழல்கிறது. அதுவரை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இனி வலப்பக்கம் பார்ப்பாள். என் பழைய பட்டியலில் அந்த நடையே இல்லை. அக்காவின் க்ளோஸ், கட், தம்பி பீரோ முன்னால். அப்படி வெட்டினால் பார்க்கிறவருக்கு அக்கா சுவரிடம் பேசுவதுபோல் இருக்கும். லுக் மாறுவதை ஏதாவது ஒரு ஷாட்டுக்குள் பார்வையாளர் கண்ணால் பார்க்க வேண்டும். மூலைக் கேமராவின் பேன் அதைச் செய்துவிடும். ஆனால் எனக்கு அக்காவின் முகம் வேண்டும். இரண்டாம் கேமராவிலிருந்து அக்காவை நோக்கி ஸ்கேலை வைத்தபோது, தம்பி நடக்கும் பாதை அந்தக் கோட்டை லென்ஸுக்கு இரண்டரை அடி முன்னால் வெட்டியது. அதாவது அவன் அக்காவின் க்ளோஸுக்குக் குறுக்கே, அவுட் ஆஃப் ஃபோகஸில், ஃபிரேமை ஒரு கணம் மறைத்துக்கொண்டு போவான். அவள் பார்வை அவனோடு இடமிருந்து வலம் நகரும். இந்த ஷாட்டை நான் யோசித்து எழுதவில்லை, ஸ்கேல் காட்டிக் கொடுத்தது. டிரைபாட் வட்டத்துக்கும் அவன் தோளுக்கும் நடுவில் அரை அடிதான் இடைவெளி இருந்தது. அதனால் முன்னால் நீட்டும் காலைப் பாதையின் பக்கம் வைக்கக் கூடாது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் பீரோ. அதன் ஒரு கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாரும் சொல்லலாம். எனக்கு அது வேண்டும், அதில் தம்பியின் முகம் ஒரு கணம் தெரிய வேண்டும். கண்ணாடியில் எது தெரியும் என்பதைத் தரைப்படத்தில் கண்டுபிடிக்க ஒரு வித்தை இருக்கிறது. டிரேசிங் தாளில் கேமராவையும் முக்கோணத்தையும் நகலெடுத்து, கண்ணாடியின் கோட்டில் சரியாக மடிக்க வேண்டும். கேமராவின் நகல் கண்ணாடிக்குப் பின்னால், செட்டுக்கு வெளியே எங்கேயோ போய் விழும். கண்ணாடியை ஒரு ஜன்னலாக நினைத்துக்கொண்டு, அந்த நகல் கேமராவிலிருந்து ஜன்னலின் இரண்டு ஓரத்தையும் உரசி அறைக்குள் இரண்டு கோடுகள் இழுத்தால், அந்தக் கோடுகளுக்கு நடுவில் இருப்பதுதான் கண்ணாடியில் தெரியப்போவது.

மூன்றாம் கேமராவுக்கு இதைச் செய்தேன். கேமரா தன்னைத் தானே பார்க்கவில்லை, நல்லது. அக்காவும் தெரியவில்லை. இரண்டு கோடுகளும் மேசையைக் கடந்து இடது சுவரில், கதவுக்கும் பின் மூலைக்கும் நடுவில் போய் முட்டின. அங்கே யாரும் இல்லை. ஆனால் ஒரு லைட் ஸ்டாண்ட் இருந்தது. அக்காவின் முகத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுக்க அண்ணன் குறித்துக் கொடுத்திருந்த இடம் அது. மூன்றாம் கேமராவின் நேரடி முக்கோணத்தில் அது எங்கேயும் இல்லை. கண்ணாடி வழியாக மட்டும் வருகிறது. கேமரா ஒன்றுதான், ஷாட் முடிந்ததும் நகர்ந்துவிடும். லைட்டுகள் அப்படி அல்ல, எல்லா ஷாட்டிலும் அங்கேயே நிற்கின்றன. அதனால் லைட் ஸ்டாண்டையும் தரைப்படத்தில் அளவோடு போட வேண்டியதாயிற்று. அந்த ஸ்டாண்டைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய், திறந்த கதவு வழியாக வெளிச்சம் வரட்டும் என்று அண்ணன் மாற்றிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று தாளை மடிக்கும்போது அவர் இன்னொன்று கேட்டார்: "ஃபிளாட் எட்டடி தானே? மேல தெரியாதா?" மேலிருந்து பார்க்கும் படத்தில் உயரம் கிடையாது. அதற்குப் பக்கவாட்டுப் படம் ஒன்று தனியாக வேண்டும். எல்லா ஷாட்டுக்கும் தேவையில்லை, மிக நீளமாகப் பார்க்கும் ஷாட்டுக்கு மட்டும் போதும். மூலைக் கேமராவிலிருந்து எதிர் மூலைக்கு 20 அடி. அங்கே ஃபிரேமின் அகலம் 16 அடி. 16:9 என்பதால் உயரம் 9 அடி. லென்ஸ் நாலரை அடி உயரத்தில், நேர்மட்டத்தில் இருந்தால், ஃபிரேம் எதிர் மூலையில் தரையிலிருந்து சரியாக 9 அடி வரை பார்க்கும். ஃபிளாட்டுக்கு மேலே ஒரு அடி ஹால் தெரியும். லென்ஸை 3 அடிக்கு இறக்கினால் ஏழரை அடியோடு நின்றுவிடும். உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அந்த உயரம் பொருந்தியும் போனது.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள், ஃபிளாட் வருவதற்கு முன், ஹாலின் தரையில் செட்டைச் சாக்பீஸால் வரைந்தோம். மூலைக்கு மூலை டேப் பிடித்துச் சரிபார்த்தோம். 16-க்கு 12 என்றால் குறுக்களவு சரியாக 20 அடி வர வேண்டும், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் நான்கு அங்குலம் கூடுதல். ஒரு மூலையைத் தள்ளி மறுபடி பிடித்தோம். இது கோணலாக இருந்தால் தாளில் செய்த எதுவும் தரையில் பொருந்தாது.

நடிகர்களின் இடங்களை இரண்டு அளவுகளால் தரைக்கு மாற்றினோம்: வலது சுவரிலிருந்து எவ்வளவு, முன் விளிம்பிலிருந்து எவ்வளவு. தம்பிக்கு நீல டேப், அக்காவுக்கு மஞ்சள். மூலைக் கேமரா தாழ்வாக இருந்து தரையையும் பார்க்கிறது என்பதால் அந்த ஷாட்டுக்கு மட்டும் டேப்பை உரித்துவிட்டு, மேசையின் மூலைக்கு இடுப்பு வந்ததும் நில் என்று தம்பியாக நடித்தவரிடம் சொல்லி வைத்தோம்.

காலையில் மாஸ்டர் ஷாட் மூன்றாவது டேக்கில் முடிந்தது. பீரோவுக்குப் போனதும் அக்கா அவன் தோளுக்குப் பக்கத்தில், தாளில் பார்த்த அதே இடைவெளியில் தெரிந்தாள். இரண்டாம் கேமராவில் ஃபிரேமைக் கடக்கும் நடையும் சரியாக வந்தது. மூன்றாம் கேமராவில்தான் மாட்டினோம்.

ஒத்திகையில் பீரோ மூடியே இருந்தது. கண்ணாடியில் காலி இடது சுவர் மட்டும், கணக்குப்படி. டேக்கில் தம்பி பீரோவைத் திறந்தான். கண்ணாடி இருக்கிற கதவையே திறந்தான். கண்ணாடி திரும்பத் திரும்ப, அதில் தெரிவது அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் அறையை வழித்துக்கொண்டு போனது: மேசை, அக்கா, செட்டின் முன் விளிம்பு, கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்கிரிப்ட்டும் கையுமாக வாயைப் பிளந்து நிற்கும் நான். கண்ணாடி பத்து டிகிரி திரும்பினால் பிரதிபலிப்பு இருபது டிகிரி திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அறைக் கதவின் கீலுக்காகத் தச்சருக்குப் போன் போட்ட நான், பீரோவின் கதவை மூடிய கோடாகவே வரைந்து வைத்திருந்தேன்.

நல்லவேளை, பீரோவுக்கு இரண்டு கதவு. கண்ணாடி இல்லாத கதவைத் திறக்கச் சொன்னோம். ஃபைலை அந்தப் பக்கத்துத் தட்டுக்கு மாற்றினோம். கைப்பிடி கண்ணாடிக் கதவில்தான் இருந்தது, அதைத் திறக்காமல் மற்றது திறக்காது; உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து இழுக்கும்படி செய்து, கண்ணாடிக் கதவை உள்ளிருந்து கயிறு போட்டுக் கட்டினோம். இதற்கு முக்கால் மணி நேரம் போனது. அந்த நாளில் நாங்கள் நின்று யோசித்த நேரம் அது மட்டும்தான். கண்ணாடியில் தம்பியின் முகம் வந்தது, நினைத்ததைவிடக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி.

மாலை செட்டைப் பிரிக்கும்போது தாளை எடுத்து, பீரோவின் இரண்டு கதவுக்கும் திறக்கும் வளைவைச் சிவப்பில் போட்டேன். ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. ஆரம். அண்ணன் எட்டிப் பார்த்து, "இப்ப வரைஞ்சு என்ன பண்றது?" என்றார். அதே பீரோ கடைசிக் காட்சியிலும் வருகிறது.